மாவுக் கடையின் இரண்டு கோடுகள்

இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போடும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாடகை, ஆள் சம்பளம், கிரைண்டர் கடனுக்கான தவணை எல்லாம் சேர்த்து மாதம் 36,000 ரூபாய். ஒரு பாக்கெட்கூட விற்காவிட்டாலும் இது போயே தீரும். ஒரு கிலோ பாக்கெட்டுக்கு அரிசி, உளுந்து, கரண்ட், கவர் என்று 28 ரூபாய் ஆகிறது. மளிகைக் கடைகளுக்குப் போடும் விலை 40 ரூபாய்.

இதைப் படமாகப் போடலாம். கீழே இடமிருந்து வலமாகப் பாக்கெட் எண்ணிக்கை, பக்கவாட்டில் ரூபாய். வரவுக் கோடு பூஜ்ஜியத்திலிருந்து கிளம்பி, பாக்கெட்டுக்கு 40 வீதம் ஏறும். செலவுக் கோடு 36,000 உயரத்திலேயே தொடங்கும். ஆனால் 28 வீதம்தான் ஏறும். அதனால் வரவு மெல்ல எட்டிப் பிடித்து, 3,000 பாக்கெட்டில் செலவைத் தொடுகிறது. அங்கே இரண்டும் 1,20,000 ரூபாய். பிரேக் ஈவன் என்பது இந்த இடம்தான்.

இடது பக்கத்தில் இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி நஷ்டம். 2,000 பாக்கெட் விற்றால் வரவு 80,000, செலவு 92,000. கையை விட்டுப் போவது 12,000. ‘நஷ்டத்தில் ஏன் ஓட்டணும், மூடிடலாமே’ என்று பலருக்கும் தோன்றும். ஆனால் அந்த மாதம் முழுக்க ஷட்டரை இறக்கிவைத்தால் போவது 36,000. விற்ற ஒவ்வொரு பாக்கெட்டும் 12 ரூபாய் வீதம் அந்தப் பள்ளத்தைத் தூர்த்திருக்கிறது. வாடகையும் தவணையும் தலையில் இருக்கும்வரை, நஷ்டத்தில் ஓட்டுவதே மேல். கடையை ஒப்படைத்து, கிரைண்டரை விற்றுக் கடனையும் அடைத்துவிட முடியுமானால் கணக்கு வேறு.

வெட்டும் புள்ளியைத் தாண்டியதும் அதே 12 ரூபாய் லாபமாகிறது. 4,000 பாக்கெட்டுக்கு 12,000 ரூபாய். முழு நாற்பதும் லாபமாகிவிடாது.

உளுந்து விலை ஏறி, அடக்கம் 28-லிருந்து 32 ஆனால்? செலவுக் கோடு இன்னும் செங்குத்தாகும். மிஞ்சுவது 8 ரூபாய்தான் என்பதால், வெட்டும் இடம் 4,500 பாக்கெட்டுக்குத் தள்ளிப்போகும். 4,000 விற்று 12,000 லாபம் பார்த்தவர், அதே 4,000-க்கு 4,000 ரூபாய் நஷ்டம் பார்ப்பார். வியாபாரம் குறையவே இல்லை!

இந்தப் படம் ஒன்றை மறைக்கும். அரைத்ததெல்லாம் விற்றுவிடும் என்று அது நம்பிக்கொள்கிறது. புளித்துத் திரும்பும் பாக்கெட் செலவில் ஏறும், வரவில் ஏறாது. திரும்பிவரும் ஒரு பாக்கெட்டின் 28 ரூபாயை ஈடுகட்ட, இன்னும் இரண்டு பாக்கெட் விற்றாலும் 4 ரூபாய் குறையும். மாதம் 150 பாக்கெட் திரும்பினால், 3,000-த்தில் நின்ற புள்ளி 3,350-க்கு நகர்ந்துவிடும்.