ரிசப்ஷன் ஐஸ்கிரீம் ஏன் பாலாய் ஓடுகிறது?

கோடைக் கல்யாணங்களில் சாப்பிட்டுக் கை கழுவி வருகிறவர்கள் அடுத்துப் போய் நிற்கும் இடம் ஐஸ்கிரீம் கவுண்டர். பீடாவுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, ஒரு ஃப்ரீசர், கையில் ஸ்கூப்போடு ஒரு பையன். முதல் பந்தியில் வந்தவர்களுக்காக அவன் கல்லைக் குடைவதுபோல டப்பாவைக் குடைகிறான். மூன்றாம் பந்திக்காரர்களுக்குக் கிண்ணத்தில் பாலாய் ஊற்றித் தருகிறான். இரண்டும் ஒரே தவறிலிருந்து வருபவை. ஐஸ்கிரீமை வைத்திருக்கும் குளிரும் அதைப் பரிமாறும் குளிரும் வேறுவேறு என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

வைத்திருக்கும் குளிர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ், அல்லது அதற்கும் கீழே. அந்த நிலையில் ஸ்கூப் இறங்காது. மைனஸ் 12 முதல் 14 வரை வந்தால்தான் உருண்டை அழகாகச் சுருண்டு வரும். சர்க்கரை கலந்திருப்பதால் ஐஸ்கிரீமில் உள்ள தண்ணீர் எல்லாம் ஒரே புள்ளியில் உறைவதில்லை, ஒரே புள்ளியில் உருகுவதும் இல்லை. மைனஸ் 18-லிருந்து 12-க்கு வரும்போது உருகும் பனி கொஞ்சம்தான். மைனஸ் 6-ஐத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு டிகிரிக்கும் மளமளவென்று உருகி, மைனஸ் 3-ஐ நெருங்கும்போது ஏறக்குறைய எல்லாமே நீராகிவிடும். பரிமாறுகிறவர் கண்ணுக்கு ‘லேசாக இளகியிருக்கு’ என்று படும்போதே பாதி வழி தாண்டியிருக்கும்.

அதனால் பெரிய சமையல் கான்ட்ராக்டர்கள் இரண்டு ஃப்ரீசர் வைத்துக்கொள்கிறார்கள். ஒன்று கிட்டங்கி, மைனஸ் 18-ல் மூடியே இருக்கும். இன்னொன்று கவுண்டருக்குப் பக்கத்தில், மைனஸ் 13 அளவில். இரவு ஏழு மணி ரிசப்ஷன் என்றால், முதலில் திறக்கவேண்டிய டப்பாக்கள் மதியமே இரண்டாவது ஃப்ரீசருக்கு மாறிவிட வேண்டும். ஃப்ரீசர்களை முந்தின நாள் இரவே போட்டுவிடுவதும் அவசியம். அவை ஏற்கெனவே உறைந்த பொருளைக் காப்பதற்கானவை. இளகி வந்த டப்பாக்களை ஒரு மணி நேரத்தில் இறுக்கித் தரும் சக்தி அவற்றுக்கு இல்லை.

இந்த ஏற்பாடு இல்லாத மண்டபத்தில் என்ன பேச்சு நடக்கும் என்று பார்க்கலாம்.

“மாஸ்டர், டப்பா கல்லு மாதிரி இருக்கு. வெயில்ல ஒரு பத்து நிமிஷம் வெச்சுட்டு எடுத்துக்கட்டா?”

“வேணாம்டா. ஓரமெல்லாம் தண்ணியாயிடும், நடுவுல அப்படியேதான் கல்லா இருக்கும்.”

மாஸ்டர் சொல்வது சரி. ஐஸ்கிரீமுக்குள் நிறையக் காற்று அடித்துச் சேர்க்கப்பட்டிருப்பதால் வெப்பம் உள்ளே மெதுவாகத்தான் போகும். வெளியே வைத்த டப்பாவில் சுற்றுப்புறம் உருகும், நடுப்பகுதி இறுகியே நிற்கும். உருகிய ஓரத்தை மறுபடி ஃப்ரீசரில் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பதுதான் பெரிய பிழை. ஆலையில் ஐஸ்கிரீமை வேகமாகக் கடைந்துகொண்டே உறைய வைப்பதால் பனிப்படிகங்கள் பொடிப்பொடியாக உண்டாகின்றன. மண்டப ஃப்ரீசரில் அது நடக்காது. உருகிய நீர் ஏற்கெனவே இருக்கும் படிகங்களின் மேலேயே உறைந்து அவற்றைப் பெருக்கவைக்கும். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால் நாக்கு அதை நறநறப்பாக உணர்ந்துவிடும். அடைத்திருந்த காற்றும் போய்விடுவதால் டப்பாவுக்குள் மட்டம் இறங்கியிருக்கும். மூடியைத் திறந்ததும் ஐஸ்கிரீம் விளிம்பிலிருந்து தாழ்ந்து, மேலே பனித்தூள் படர்ந்து, ஓரங்களில் மஞ்சளாய்ப் பாகு கட்டியிருந்தால், அது ஒருமுறை உருகி உறைந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஒரே ஃப்ரீசர்தான் இருக்கிறது, கவுண்டர் தோட்டத்தில் தள்ளிப் போடப்பட்டிருக்கிறது என்றால் பலரும் ஐஸ் கட்டி வாங்கி டப்பாவைச் சுற்றிப் போடுவார்கள். அது போதாது. உருகும் வெறும் ஐஸ் பூஜ்ய டிகிரியில் நிற்கும். ஐஸ்கிரீம் அதற்கு முன்பே, பூஜ்யத்துக்குக் கீழேயே உருகிவிடும். குல்ஃபிக்காரர்களுக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரியும். அதனால்தான் அவர்கள் பானையில் ஐஸோடு உப்பையும் போடுகிறார்கள். உப்பு ஐஸை உருகவைக்கிறது, உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை அந்தக் கலவை தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்வதால் குளிர் இறங்குகிறது. மூன்று கிலோ உடைத்த ஐஸுக்கு ஒரு கிலோ கல்லுப்பு என்ற கணக்கில் மைனஸ் 21 வரைக்கும் இறங்க முடியும். மேஜையில் அவ்வளவு கிடைக்காது. மைனஸ் 10-க்குக் கீழே நின்றாலே போதும். உப்புத் தண்ணீர் உள்ளே புகாதபடி டப்பாவின் விளிம்பு கலவைக்கு மேலே இருக்க வேண்டும். தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்து, புது ஐஸும் உப்பும் சேர்த்துவர வேண்டும்.

அடுத்தது அளவு. கடைகளில் ‘16-ஆம் நம்பர்’ என்று கேட்டால் கிடைக்கும் ஸ்கூப் ஏறக்குறைய 60 மில்லி பிடிக்கும். நாலு லிட்டர் டப்பாவை 60-ஆல் வகுத்தால் 66 வருகிறது. அதை நம்பி ஆர்டர் கொடுத்தவர்கள் கடைசிப் பந்தியில் தவிப்பார்கள். ஸ்கூப் அழுத்தி வழிக்கும்போது காற்று நசுங்குவதால், அதே 60 மில்லிக்குள் அதிக எடை போய்விடுகிறது. ஆகவே எடையில் கணக்குப் போடுவதுதான் பத்திரம். நம் நாட்டு உணவுத் தர விதிப்படி ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் இருக்க வேண்டும். நாலு லிட்டர் டப்பா 2,100 கிராம். ஓர் உருண்டை 40 கிராம் வந்தால் 52 பேருக்குத்தான் காணும். 600 பேர் வரும் ரிசப்ஷனில் 550 உருண்டை போகும் என்று வைத்தால் 11 டப்பா வேண்டும், கைக்காவலுக்கு ஒன்று சேர்த்துப் 12.

வழிக்கும் முறையிலும் நஷ்டம் இருக்கிறது. நடுவில் கிணறு தோண்டினால் சுற்றி நிற்கும் மெல்லிய சுவர்கள் முதலில் உருகும். ஓரத்திலிருந்து மேல்மட்டமாக வழித்துக்கொண்டே வந்தால் மேற்பரப்பு தட்டையாக இருக்கும். ஸ்கூப்பைத் தண்ணீரில் முக்கியபின் உதறிவிட வேண்டும். சொட்டும் தண்ணீர் டப்பாவில் விழுந்து பனிச்சில்லாகும். பால் கலங்கிய அந்தத் தண்ணீரில் கிருமிகள் பெருகும் என்பதால் அதை அடிக்கடி மாற்றுவதும் வேண்டும். முந்திரி, பாதாம் வகைக்குத் தனி ஸ்கூப்.

கூட்டம் ஒரேயடியாக இறங்கும் நேரத்துக்கு முன்னேற்பாடு செய்யலாம். பட்டர் பேப்பர் விரித்த தட்டில் நூறு உருண்டைகளை முன்கூட்டியே வைத்து, மூடி, மைனஸ் 18-ல் இறுக்கிக்கொண்டால், பந்தி முடிந்ததும் எடுத்துக் கிண்ணத்தில் வைப்பதுதான் வேலை. கிண்ணங்களும் குளிர்ந்திருக்க வேண்டும். வெயிலில் அடுக்கியிருந்த எவர்சில்வர் கப் உருண்டையின் அடியை நொடியில் உருக்கிவிடும்.

ஃப்ரூட் சாலட்டோடு ஐஸ்கிரீம் என்றால் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். நறுக்கிய பழமும் கஸ்டர்டும் ஐந்து டிகிரிக்குக் கீழே குளிர்ந்து வரவேண்டும். இல்லாவிட்டால் ஐஸ்கிரீம் உருகும் என்பது சின்ன விஷயம். பாலும் சர்க்கரையும் கலந்த கஸ்டர்ட் அறை வெப்பத்தில் நின்றால் கெட்டுப்போகும். காய்ச்சிய கஸ்டர்டை அண்டாவில் விட்டுவைக்காமல் அகலத் தட்டுகளில் ஊற்றி, ஐஸ் தண்ணீரில் வைத்து ஆறவிட்டு, உடனே குளிரில் சேர்ப்பதே வழி. குளிர் இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றது மறு பந்திக்குப் போகக்கூடாது.

எல்லாம் முடிந்தபின் மிஞ்சிய டப்பாக்கள் வரும். திறக்காமல் மைனஸ் 18-லேயே இருந்தவற்றைத் திருப்பி அனுப்பலாம். கவுண்டரில் திறந்து இளகியதை மறுபடி உறைய வைத்து நாளைய விசேஷத்துக்கு எடுத்துப் போவது கூடாது. உறைவது கிருமியைக் கொல்வதில்லை, வளராமல் நிறுத்திவைக்கிறது, அவ்வளவுதான். அந்த அரை டப்பாவை அன்றிரவே வேலையாட்களுக்குக் கொடுத்துவிடலாம். முழுக்க உருகி வெளியில் நின்றதைக் கொட்டிவிட வேண்டியதுதான்.