மலைக்கடைக்குப் போகும் ஃப்ரீசர்

கொல்லிமலை சோளக்காட்டில் கடை வைத்திருக்கும் ஒருவர் சென்னையில் ஐஸ்கிரீம் ஃப்ரீசர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்சல் கம்பெனியின் பெரிய லாரி நாமக்கல் கிளையோடு நின்றுவிடும். அதற்கு மேல் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரே ஒரு பெட்டிக்காகத் தனியே சிறிய வண்டி ஏற வேண்டும். இறங்கும்போது பெரும்பாலும் காலியாகத்தான் வரும். அந்தச் செலவைத்தான் 'ஓ.டி.ஏ.' என்று பில்லில் கூடுதலாகப் போடுகிறார்கள். வழக்கமான டெலிவரி எல்லைக்கு வெளியே உள்ள ஊர் என்று பொருள்.

இந்தக் கட்டணம் பெரும்பாலும் கிலோ கணக்கில் வரும். ஆனால் தராசு காட்டும் கிலோ மட்டுமே கணக்கில்லை. லாரியில் பெட்டி அடைக்கும் இடத்துக்கும் ஒரு எடை உண்டு. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பல கம்பெனிகள் 5000ஆல் வகுக்கின்றன. சில கம்பெனிகளில் வகுக்கும் எண் மாறும். நம் ஃப்ரீசரின் பெட்டி 110, 70, 90 சென்டிமீட்டர் என்றால் கணக்கு 139 கிலோவுக்கு வருகிறது. உண்மையான எடை 50 கிலோதான். இரண்டில் எது அதிகமோ அதற்கே பில். ஓ.டி.ஏ. கிலோவுக்கு 6 ரூபாய் என்றால், 300 ரூபாய் எதிர்பார்த்தவர் 834 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும்.

இன்னொரு வழி, நாமக்கல் குடோனில் தானே போய் எடுத்துக்கொள்வது. குட்டியானையைத் தனியாகப் பேசினால் திரும்பும் தூரத்துக்கும் சேர்த்தே வாடகை கேட்பார்கள். மலையிலிருந்து பலா, வாழை இறக்கிவிட்டுக் காலியாக ஏறும் வண்டி கிடைத்தால் மிகக் குறைவாக முடியும். ஆனால் சரக்கு வந்து சில நாட்களுக்குள் எடுக்காவிட்டால் குடோனில் 'டெமரேஜ்' ஏறத் தொடங்கும். எல்.ஆர். ரசீதும் அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும்.

இணையத்தில் பின்கோடு போட்டுப் பார்த்து 'டெலிவரி உண்டு' என்று வந்ததை மட்டும் நம்பக் கூடாது. ஒரே பின்கோடில் பல மலைக் கிராமங்கள் அடங்கும். புக்கிங்குக்கு முன்பே நாமக்கல் கிளைக்குப் போன் செய்து ஊர்ப்பெயரைச் சொல்லி, வண்டி கடை வாசல் வரை வருமா, இறக்குகூலி யாருடையது என்று கேட்க வேண்டும். டோர் டெலிவரி என்றாலும் வண்டி நிற்கும் இடத்தோடு பல கம்பெனிகளின் பொறுப்பு முடிந்துவிடும். படியேற்றித் தர மாட்டார்கள்.

கையெழுத்துப் போடும் முன் பெட்டியின் மூலைகளைப் பாருங்கள். நசுங்கியிருந்தால் போட்டோ எடுத்து, டெலிவரி ரசீதிலேயே 'பெட்டி சேதம்' என்று எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள். வெறுமனே கையெழுத்திட்டால், சரக்கு நல்ல நிலையில் வந்ததாகவே கம்பெனி எடுத்துக்கொள்ளும். நிமிர்த்தி ஏற்ற வேண்டிய ஃப்ரீசர் படுத்த நிலையில் வந்திருந்தால் அதையும் எழுதுங்கள். உடனே சுவிட்சைப் போடாமல், கம்ப்ரசர் எண்ணெய் இறங்கும்வரை தயாரிப்பாளர் சொல்லும் நேரம் நிமிர்த்தி வைத்திருங்கள்.