ஜோடி போன வளையலுக்கு வாசலில் வேலை

நவராத்திரி நெருங்கினாலே கடைத்தெருவில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணங்கள் தொங்க ஆரம்பித்துவிடும். அதை வாங்குமுன் வீட்டு வளையல் பெட்டியை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். ஜோடி போன கண்ணாடி வளையல், அறுந்த முத்துமாலை, ஒற்றை ஜிமிக்கி என்று ஒரு வாசலுக்கு வேண்டியது பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும்.

பலரும் வளையல்களை ஒரே நூலில் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். மாட்டிய பிறகுதான் வினை. லேசாகக் காற்றடித்தால் வளையல் திரும்பிக்கொள்ளும். எதிரில் நிற்பவருக்கு வட்டம் மறைந்து வெறும் கோடுதான் தெரியும். வளையல்களைப் பக்கவாட்டில் வைத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துக் கட்டினால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். முகம் திரும்பாது.

எத்தனை வளையல் வேண்டும்? 3 அடி அகல நிலையை எடுத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 91 சென்டிமீட்டர். 2.6 அளவு வளையலின் உள்விட்டம் 6 சென்டிமீட்டர். நூல் சுற்றினால் வெளிவிட்டம் சுமார் 7 வரும். ஆக 13 வளையல் போதும். 2.4, 2.8 கலந்திருந்தால் கவலையில்லை; பெரியதை நடுவிலும் சிறியதை இரு ஓரத்திலும் வையுங்கள்.

நூல் சுற்றுவது வெறும் அலங்காரத்துக்காக இல்லை. வழுவழுப்பான கண்ணாடியில் முடிச்சு நிற்காமல் வழுக்கும். பட்டு நூலையோ பழைய சேலையில் கிழித்த நாடாவையோ பசை தொட்டு நெருக்கமாகச் சுற்றினால் முடிச்சு அசையாது. கீழே விழுந்து உடைந்தாலும் சில்லு அவ்வளவாகச் சிதறாது. உடைந்த துண்டுகளை மட்டும் சேர்க்காதீர்கள். பண்டிகை நாளில் வாசலில் உடைந்த வளையலா என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். கையைக் கிழிக்கும் என்பது என் காரணம்.

கோத்த வரிசையை ஒரு மெல்லிய மூங்கில் குச்சியில் கட்டுங்கள். கயிற்றில் கட்டினால் நடுப்பகுதி தொய்ந்துவிடும். பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாக 7 வளையல்களின் அடியில் மணிச்சரம். ஓரச் சரங்கள் ஒரு அடி நீளம் இருக்கலாம். நடுவில் அரை அடி தாண்டினால் உள்ளே வருபவர் தலையில் இடிக்கும். மணி கோக்கத் தூண்டில் நரம்பு நல்லது. அதில் சாதாரண முடிச்சு தானாக அவிழும் என்பதால் இரட்டை முடிச்சுப் போட்டு, மிச்ச நுனியை மேலே உள்ள இரண்டு மூன்று மணிகளுக்குள் திரும்ப நுழைத்து வெட்டுங்கள். நுனியில் ஜிமிக்கியை நரம்பிலேயே நேராகக் கட்டினால் அதன் கூர்மையான கம்பி நாளடைவில் நரம்பை அறுத்துவிடும். அறுந்த சங்கிலியிலிருந்து ஒரு வளையத்தைக் கழற்றி இடையில் போட்டால் தாங்கும்.

தீபாவளிக்கு மாட்டுவதானால் ஐப்பசி மழையையும் நினைவில் வையுங்கள். சாரல் பட்டால் கவரிங் நகை கறுக்கும், பட்டு நூல் சாயம் விடும். மழை அடிக்கும் வாசல் என்றால் நிலையின் உட்பக்கம் மாட்டுங்கள்.