நியூயார்க்கில் காலை ஒன்பது, கோவையில் மாலை ஆறரை

வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்ய விண்ணப்பிக்கும் அனுபவசாலிகள் பலர், மடலின் கடைசியில் “எந்த நேரத்திலும் வேலை செய்யத் தயார்” என்று எழுதிவிடுகிறார்கள். நல்ல எண்ணத்தில் எழுதுவதுதான். ஆனால் ஆள் எடுக்கும் மேலாளருக்கு அதில் விடை இல்லை. தன் குழு வேலை செய்யும் நேரத்தில் இவர் தினமும் எத்தனை மணி நேரம் கூட இருப்பார் என்பதே அவர் அறிய விரும்புவது. எந்த நேரமும் என்று சொல்பவர் இதைக் கணக்குப் போட்டே பார்க்கவில்லையோ என்ற ஐயம்தான் அவருக்கு எழும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கோவையில் இருக்கும், பன்னிரண்டு ஆண்டு அனுபவமுள்ள ஒரு டேட்டாபேஸ் பொறியாளர் என்று வைத்துக்கொள்வோம். மதியம் 2 மணிக்குத் தொடங்கி இரவு 10.30-க்கு முடிப்பது அவருக்கும் குடும்பத்துக்கும் ஒத்துவருகிறது. நியூயார்க் அலுவலகம் காலை 9 மணிக்குத் தொடங்கினால், கோடையில் நமக்கு அது மாலை 6.30. ஆக, 10.30 வரை நான்கு மணி நேரம் இரு தரப்பும் சேர்ந்திருக்கலாம்.

மடலில் “நான்கு மணி நேரம்” என்று மட்டும் எழுதினால் நவம்பரில் சிக்கல் வரும். அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுக்கிறார்கள். இந்தியக் கடிகாரம் அசைவதில்லை. அதனால் குளிர்காலத்தில் நியூயார்க்கின் காலை 9 மணி நமக்கு இரவு 7.30 ஆகிவிடும். நான்கு மணி நேரம் மூன்றாகக் குறையும். அவர்களுடைய 11 மணிக் கூட்டம் கோடையில் நமக்கு இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. வேலையில் சேர்ந்த பிறகு இது தெரியவந்தால், ஏதோ வாக்குத் தவறியதுபோல் ஆகிவிடும்.

எனவே மடலில் இரண்டு பருவத்தையும் எழுதிவிடுவதே நேர்மை. அதையும் படிப்பவரின் ஊர் நேரத்தில் எழுத வேண்டும். கழித்துப் பார்க்கும் வேலையை அவர் தலையில் கட்டக் கூடாது. ஆங்கிலத்தில் போகும் அந்த மடலின் சாரம் இப்படி இருக்கலாம்:

“நான் இருப்பது கோயம்புத்தூரில், UTC+5:30. திங்கள் முதல் வெள்ளி வரை, இந்திய நேரம் மதியம் 2 முதல் இரவு 10.30 வரை வேலை செய்வேன். நியூயார்க் நேரப்படி கோடையில் காலை 9 முதல் மதியம் 1 வரையும், குளிர்காலத்தில் 9 முதல் 12 வரையும் உங்கள் குழுவோடு இருப்பேன். முன்கூட்டிச் சொன்னால் வாரத்தில் ஒரு நாள் மேலும் ஒரு மணி நேரம் இருக்க முடியும். நீங்கள் வேலைக்கு வருமுன், அன்று முடித்ததையும் உங்கள் பதிலுக்காக நிற்பதையும் எழுதி வைத்திருப்பேன்.”

இதில் ஊரின் பெயரையும் UTC எண்ணையும் சொன்னதற்குக் காரணம் உண்டு. IST என்று மூன்றெழுத்தில் எழுதினால் இந்திய நேரம் என்று நாம் நினைப்போம். அயர்லாந்தும் இஸ்ரேலும் தங்கள் நேரத்துக்கு அதே எழுத்துகளைப் பயன்படுத்துகின்றன. அமெரிக்க நேரத்தைக் குறிக்கும் EST குளிர்காலத்துக்குத்தான் பொருந்தும். பலர் அதை ஆண்டு முழுதும் எழுதிக் குழப்புகிறார்கள்.

இதே மடலைப் பெர்லின் நிறுவனத்துக்கு அனுப்புவது சுலபம். அங்கே காலை 9 முதல் மாலை 6 வரை என்பது கோடையில் நமக்கு மதியம் 12.30 முதல் இரவு 9.30 வரை. அவர்களுடைய வேலை நாளில் ஏழரை மணி நேரம் நம்மவர் கூடவே இருப்பார். ஐரோப்பா கடிகாரத்தை மாற்றும் நாள்கள் மட்டும் வேறு: மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. 2026-இல் அமெரிக்கா மார்ச் 8-இல் மாற, ஐரோப்பா 29-இல்தான் மாறுகிறது. இரண்டு இடத்திலும் ஆட்கள் உள்ள குழுவில் சேருபவர் அந்த மூன்று வாரமும் கூட்ட நேரங்களை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோ வேறு கதை. அங்கே காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. கோவைப் பொறியாளருக்குக் கோடையில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். குளிர்காலத்தில் எதுவும் இல்லை. அதிகாலையில் எழுந்து அவர்களின் மாலையைப் பிடிக்கலாமே என்றால், அங்கே மாலை 5 மணி ஆகும்போது கோடையில் நமக்கு விடியற்காலை 5.30. இரண்டு மணி நேரம் சேர்ந்திருக்க 3.30-க்கே உட்கார வேண்டும். அதோடு, அவர்களின் வெள்ளி மாலை நமக்குச் சனிக்கிழமை விடியல். அந்த முறையை ஏற்பவரின் வாரம் செவ்வாயிலிருந்து சனி வரை ஓடும். இதையும் மடலிலேயே எழுத வேண்டும்.

முடியாததை முடியும் என்று எழுதி வேலை வாங்கியவர்கள் சில மாதத்தில் தூக்கம் கெட்டு, கூட்டங்களைத் தவறவிட்டு விலக நேரிடுகிறது. சான் பிரான்சிஸ்கோ நிறுவனம் தினமும் நான்கு மணி நேரம் கேட்டால், இரவு 10.30-க்கு முடிக்க வேண்டியவர் அந்த வேலைக்கு விண்ணப்பிக்காமல் இருப்பதே சரி. நியூயார்க்குக்கும் பெர்லினுக்கும் எழுதுபவர்கள், அனுப்பும் முன் ஜனவரிக் கணக்கையும் ஜூலைக் கணக்கையும் தனித்தனியே போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.