ஊதாக் கட்டத்தில் ஏழு

அம்மா சிங்கப்பூர் வந்த முதல் வாரம் சன்னலோரத்திலேயே கழிந்தது. எங்கள் வீடு செங்காங்கில் பதினோராவது மாடி. காலை ஏழே முக்காலுக்குள் நானும் கணவரும் வேலைக்கும், பிள்ளைகள் பள்ளிக்கும் கிளம்பிவிடுவோம். அதன் பிறகு மாலை வரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் விடிந்தால் வாசல், வயல், கோயில் என்று நடந்துகொண்டே இருந்த அறுபத்தேழு வயதுப் பெண்ணுக்கு நான்கு சுவர்தான். ஐந்தாம் நாள் சொன்னார்: "ஒரு மாசம்னு வந்தேன். இப்படியே உக்காந்திருந்தா காலு மறந்துபோயிரும்டி."

தேக்காவுக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. கறிவேப்பிலை, முருங்கைக்காய், பூ எல்லாம் கிடைக்கிற, நாலு பேர் தமிழ் பேசுகிற இடம். செங்காங்கிலிருந்து லிட்டில் இந்தியா நிலையத்துக்கு ரயில் மாறாமலே போகலாம், ஏறத்தாழ இருபது நிமிடம். ஆனால் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். தமிழ் நன்றாகப் படிப்பார். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக அடையாளம் தெரியும், கூட்டிப் படிக்க வராது.

படிப்புக் குறைவு தடையாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இருக்கவில்லை. காரணம், இந்த ஊர் ரயில் நிலையங்களுக்குப் பெயர் மட்டுமல்ல, நிறமும் எண்ணும் உண்டு. எங்கள் வடகிழக்குத் தடத்தின் நிறம் ஊதா. ஆங்கிலத்தில் அதற்கு 'என்.இ.' என்று சுருக்கம். ஒவ்வொரு நிலையத்தின் பெயரோடும் ஓர் ஊதாக் கட்டத்துக்குள் இந்த இரண்டெழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். செங்காங் 16, லிட்டில் இந்தியா 7. பதினாறில் ஏறி ஏழில் இறங்க வேண்டும், அவ்வளவுதான். நிலையப் பலகைகளில் தமிழிலும் பெயர் உண்டு. பெரும்பாலும் ஒலிபெயர்ப்புதான். ஆனால் எங்கள் தடத்தின் தெற்கு முனையில் இருக்கும் ஹார்பர்ஃபிரண்டுக்குத் தமிழில் துறைமுகமுனை என்று பெயர். வேறு தடத்தில் இருக்கும் தாவரவியல் பூங்கா நிலையத்துக்குப் பூமலை. அந்தப் பெயரைச் சொன்னதும் அம்மா, "யாரு வச்சாங்களோ, நல்லா வச்சிருக்காங்க" என்றார்.

ரயில் வருவதற்கு முன்பே ஒரு தடை இருந்தது. எஸ்கலேட்டர். செங்காங் நிலையம் தரைக்கு அடியில் இருக்கிறது, இறங்கித்தான் ஆக வேண்டும். அம்மா விளிம்பில் நின்று காலை நீட்டுவார், இழுப்பார், மறுபடி நீட்டுவார். அவர் பயப்பட்டது வேகத்துக்கு என்று நினைத்து, "சட்டுனு வச்சிரும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது தவறான யோசனை. பக்கத்தில் குனிந்து பார்த்தபோதுதான் புரிந்தது. படிகள் முதலில் தட்டையாகச் சேர்ந்து வரும், சற்றுத் தூரத்தில்தான் பிரிந்து உயரமாகும். இரண்டு படி சேரும் கோட்டின் மேல் பாதம் பட்டுவிட்டால், பிரியும்போது கால் சாயும். முதல் நாள் அவருக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு படியின் ஓரத்திலும் மஞ்சள் கோடு இருக்கிறது. "மஞ்சளை மிதிக்காதே, மஞ்சளுக்குள்ள வை" என்று சொன்ன பிறகு இரண்டே தடவையில் பழகிவிட்டார்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு கையால் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், ஒரு கை கைப்பிடியில் இருக்க வேண்டும். படி முடியும் இடத்தில் சீப்புப் பல் மாதிரி இருக்கும் இரும்புத் தகட்டில் துணி போய் மாட்டக்கூடாது. அப்படியானால் கையில் பை இருக்க முடியாது. அதனால் மஞ்சப்பையை வீட்டில் வைத்துவிட்டுத் தோளில் மாட்டுகிற பையாக மாற்றினோம். காய்கறியோடு திரும்பும்போது லிஃப்ட்தான். எல்லா வாயிலிலும் லிஃப்ட் இருக்காது. எந்த வாயிலில் இருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கார்டு. பத்து வெள்ளிக்கு வாங்கினால் ஐந்து வெள்ளி கார்டின் விலையாகப் போய்விடும், மீதி ஐந்துதான் பயணத்துக்கு. முதியோர் சலுகை இங்குள்ள குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான், சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்குக் கிடையாது. செங்காங்கிலிருந்து தேக்காவுக்கு முழுக் கட்டணம் இரண்டு வெள்ளியைச் சுற்றி வரும். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கார்டை வைக்க வேண்டும், தூரத்தைக் கணக்கிட்டுப் பணம் எடுத்துக்கொள்ளும். அம்மா கோயில் உண்டியலில் காசு போடுகிற மாதிரி தொட்டதும் கையை எடுத்துவிடுவார், கேட் திறக்காது. சத்தம் வரும்வரை வைத்திருக்கச் சொன்னேன். என்னுடைய வங்கி அட்டை ஒன்றும் அதே உறையில் இருந்ததால் ஒருநாள் எது படிக்கப்பட்டது என்றே தெரியாமல் போனது. அன்றிலிருந்து உறைக்குள் ஒரே கார்டு.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். கேட்டைத் தாண்டிவிட்டால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. சாப்பிட்டாலும் குடித்தாலும் 500 வெள்ளி வரை அபராதம். மாத்திரை போடுகிறவர்கள் வெளியிலேயே போட்டுக்கொள்வது நல்லது.

முதல் பயணம் எங்கள் எல்லோரோடும், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேரன் அவரை இழுத்துக்கொண்டு முதல் பெட்டியின் முன் கண்ணாடிக்குப் போனான். "பாருங்க அம்மாச்சி, டிரைவரே இல்ல!" 2003இல் தொடங்கிய நாள்முதலே இந்தத் தடத்தில் ஓட்டுநர் இல்லாமல்தான் ரயில் ஓடுகிறது. எதிரே இருட்டுச் சுரங்கமும் ஓடிவரும் விளக்குகளும். அம்மா கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஆளே இல்லாமயா?" என்று இரண்டு தடவை கேட்டார். மேடையிலும் கண்ணாடிச் சுவர் இருக்கிறது, ரயில் வந்து நின்ற பிறகுதான் அதன் கதவு திறக்கும், தண்டவாளத்தில் யாரும் விழ முடியாது என்று காட்டியதும் கொஞ்சம் தளர்ந்தார்.

இரண்டாவது பயணத்தில் அவர் முன்னால், நான் பத்தடி பின்னால். வாயே திறக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூடப் போகும்போது யாரும் வழி பார்ப்பதில்லை, கூட்டிப் போகிறவர் முதுகைத்தான் பார்க்கிறார்கள். காலை பத்து மணிக்குப் போனோம், அலுவலகக் கூட்டம் வடிந்திருந்தது. அம்மா பலகைகளில் எண்ணைப் பார்த்து விரல் மடக்கிக்கொண்டே வந்தார். பதினைந்து, பதினாலு, பதிமூணு. சிராங்கூன் வந்ததும் முகம் மாறியது. அங்கே 12 என்றும் இருந்தது, 13 என்றும் இருந்தது. வட்டத் தடமும் வந்து சேர்கிற நிலையம் அது, அதன் எண் அங்கே 13. பிறகு ஒழுங்காக வந்து லிட்டில் இந்தியாவில் ரயில் நின்றது. பலகையில் 7, பக்கத்திலேயே 12. சற்று முன் தாண்டிய பன்னிரண்டு மறுபடி எப்படி வந்தது? இறங்குவதா வேண்டாமா என்று அவர் தடுமாற, கதவு மூடப் போகிற ஒலி கேட்டது. நான் கையைப் பிடித்து இறக்கினேன்.

தவறு என்னுடையது. எண்ணைப் பார் என்று சொன்னேனே தவிர, நிறத்தோடு சேர்த்துப் பார் என்று சொல்லவில்லை. இரண்டு தடங்கள் சேரும் நிலையத்துக்கு இரண்டு எண் இருக்கும். லிட்டில் இந்தியா ஊதாத் தடத்தில் ஏழு, நீல நிற டவுன்டவுன் தடத்தில் பன்னிரண்டு. மேடையில் உட்கார்ந்து ரயில் தட வரைபடத்தைப் பேத்தியின் கலர் பென்சிலால் ஒரு தாளில் வரைந்து காட்டினேன். "அப்ப ஊதாவை மட்டும் பாத்தாப் போதும். மத்தது வேற வீட்டுக் கதவு நம்பர்" என்று அம்மாவே அதை முடித்துவைத்தார்.

மூன்றாவது தடவை அவர் தனியாக ஏறினார், நான் முந்தின ரயிலில் போய் மறுமுனையில் கேட்டுக்கு வெளியே நின்றேன். நான்காவது தடவை முழுத் தனிப் பயணம். கழுத்தில் கார்டு, பையில் ஒரு தாள். அதில் என் தொலைபேசி எண்ணும் வீட்டின் அஞ்சல் குறியீடும். இங்கே அந்த ஆறு இலக்கம் ஓர் ஊருக்கானது அல்ல, ஒரு கட்டடத்துக்கானது. எந்த டாக்சிக்காரரிடம் காட்டினாலும் நேரே எங்கள் புளோக்குக்குக் கொண்டுவந்து விட்டுவிடுவார்.

அன்று பதினொன்றரைக்கு வரவேண்டியவர் பன்னிரண்டாகியும் வரவில்லை. அலுவலகத்தில் எனக்கு வேலை ஓடவில்லை. பன்னிரண்டே காலுக்கு வீட்டிலிருந்து கூப்பிட்டார், குரலில் பதற்றமே இல்லை. நடந்தது இதுதான். லிட்டில் இந்தியா மேடையில் இரண்டு பக்கமும் ரயில் வரும். ஒரு பக்கம் வீட்டுக்கு, மறுபக்கம் துறைமுகமுனைக்கு. பூவும் கீரையுமாக வந்தவர் முதலில் வந்த ரயிலில் ஏறிவிட்டார். அடுத்த நிலையத்தில் கண்ணாடி வழியே ஊதாக் கட்டத்தைப் பார்த்திருக்கிறார். 6.

"எட்டுல்ல வரணும்? ஆறு வந்துச்சு. அப்பத் தலைகீழாப் போறேன்னு தெரிஞ்சுபோச்சு. எறங்கி, அந்தாண்ட பக்கம் வந்த வண்டில ஏறிட்டேன்."

அது டோபி காட் நிலையம், மூன்று தடங்கள் சேரும் இடம். நானே அங்கே வழி தவறியிருக்கிறேன். ஆனால் எங்கள் தடத்துக்கு அங்கும் ஒரே மேடைதான், பத்தடி நடந்து மறுபக்கம் நின்றால் போதும். கேட்டுக்கு வெளியே போகாதவரை இப்படித் திரும்புவதற்குத் தனிக் காசும் இல்லை. இது எதையும் நான் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. போகும்போது எண் குறையும், வரும்போது கூடும் என்பதை அவரே பிடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தேக்கா. சனிக்கிழமை ஃபேரர் பார்க்கில் இறங்கி சீனிவாசப் பெருமாள் கோயில், அது எட்டு. பேத்தியையும் ஒருநாள் கூட்டிப் போனார். எஸ்கலேட்டர் அருகில், "மஞ்சளை மிதிக்காதே" என்று அவளுக்குச் சொன்னாராம்.

ஊருக்குக் கிளம்பும் முந்தின இரவு பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது என் பெரியம்மாவிடமிருந்து தொலைபேசி. அவருடைய மகன் தெம்பனிசில் இருக்கிறான், அடுத்த மாதம் அவர் வருகிறார். தேக்காவுக்கு எப்படிப் போவது என்று கேட்டிருப்பார் போல. அம்மா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, நான் வரைந்த அந்தப் பென்சில் தாளைப் பையிலிருந்து எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"அக்கா, நீ நீலத்தைப் பாரு. அங்க பச்சையில ரெண்டுன்னு ஒண்ணு இருக்கும், அது வேற வண்டி, அதுல ஏறாத. நீலக் கட்டத்துல முப்பத்திரண்டு போட்டிருக்கும். அங்க ஏறு. நம்பர் குறையணும். முப்பத்தொண்ணு, முப்பதுன்னு வரும். கூடுச்சுன்னா எறங்கி எதிர்ப்பக்கம் ஏறு. நீலத்துல பன்னண்டு வந்ததும் எறங்கிக்க. பக்கத்துல ஊதாவுல ஏழுன்னும் எழுதியிருக்கும், அதப் பாத்துப் பயந்துராத. அது நான் எறங்குற நம்பரு."