முள் காட்டுவது எதை?

சமையலறையில் 14.2 கிலோ சிலிண்டரைப் பாருங்கள். முக்கால் பங்கு இருந்தாலும் கால் பங்கு இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரியும். உள்ளே திரவம் இருக்கும்வரை அழுத்தம் பெரிதாகக் குறையாது. மதுரை வெயிலில் ஏறும், மார்கழியில் இறங்கும். அழுத்தத்தை வைத்து மிச்சத்தைச் சொல்ல முடியாது. அதனால்தான் சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் குறித்து, தினம் எவ்வளவு நேரம் எரிகிறது என்று கணக்கு வைக்கிறோம்.

மின்சார ஆட்டோக்களில் இருக்கும் எல்.எஃப்.பி. வகை லித்தியம் பேட்டரியும் இப்படித்தான். சும்மா நிற்கும்போது அளந்தால், 70 சதவீதத்தில் ஒரு செல் 3.3 வோல்ட் காட்டும். 40 சதவீதத்திலும் ஏறக்குறைய அதுவேதான். நூறில் இரண்டு மூன்று பங்கு வோல்ட்தான் வித்தியாசம். ஓடி நின்ற வண்டியின் வோல்ட் நிலைக்கு வரச் சில மணி நேரமாகும். அப்போதும், சார்ஜ் ஏற்றியபின் நின்றதா, ஓடியபின் நின்றதா என்பதைப் பொறுத்து அளவு சற்று மாறும். அந்த மாற்றமே மேலே சொன்ன வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

ஆகவே பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். பலகை, போய்வரும் மின்னோட்டத்தை எண்ணுகிறது. மின்சாரம் ஷன்ட் என்ற மிகச்சிறிய மின்தடை வழியே போகிறது. அங்கே விழும் மில்லிவோல்ட்டிலிருந்து ஆம்பியர் தெரிகிறது. 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 90 சதவீதத்தோடு மாட்டுத்தாவணியிலிருந்து திருப்பரங்குன்றம் போகிறீர்கள் என்று வையுங்கள். 40 நிமிடம், சராசரி 30 ஆம்பியர் என்றால் 20 ஆம்பியர்-மணி செலவு. மிச்சம் 70. இறக்கத்தில் பிரேக் போடும்போது திரும்பி வருவதும் வரவாகச் சேரும்.

இந்தக் கணக்குக்கு ஒரு பலவீனம் உண்டு: சிறு பிழையும் கூடிக்கொண்டே போகும். ஷன்ட் அளவில் 0.2 ஆம்பியர் பிசகு இருந்து, அது இடைவிடாமல் சேர்ந்தால் ஒரு நாளில் 4.8 ஆம்பியர்-மணி, ஒரு வாரத்தில் 33-க்கு மேல். அதைத் துடைக்க நம்பகமான இடம் முழு சார்ஜ்தான். செல் 3.65 வோல்ட்டை எட்டி, ஏறும் மின்னோட்டம் மெலியும்போது பலகை ‘இது 100’ என்று கணக்கைப் புதிதாகத் தொடங்கும். தினமும் சாப்பாட்டு நேரத்தில் பாதி மட்டும் சார்ஜ் போட்டு ஓட்டுபவருக்கு இந்தத் திருத்தம் கிடைப்பதேயில்லை. முள் 30 காட்டும்போதே திடீரென 8-க்கு விழுவது பெரும்பாலும் இதனால்தான்: அடிமட்டத்தில்தான் வோல்ட் சட்டென்று இறங்கும், அதைப் பார்த்தபிறகே பலகை தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது.

வாரம் ஒருமுறையாவது, சார்ஜர் தானே நிறுத்தும்வரை விட்டுப் பாருங்கள். அதன்பிறகும் அதே நாளில் 25, 30 காட்டும்போதே வண்டி படுத்தால், எண்ணிக்கை பிசகவில்லை. பேட்டரியின் கொள்ளளவு சுருங்கியிருக்கிறது. பலகை மட்டும் இன்னும் 100-ஐ வைத்தே வகுத்துக்கொண்டிருக்கிறது. அப்போது சர்வீஸில் கொள்ளளவுச் சோதனை கேளுங்கள். மல்ட்டிமீட்டரை மட்டும் வைத்து ‘வோல்ட் சரியாக இருக்கிறது’ என்று அனுப்பிவிட்டால் ஏற்காதீர்கள்.