கமா போட்டால் எல்லோரும் கடன்காரர்கள்

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் இப்படி ஓர் ஆங்கில வாக்கியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "டெனன்ட்ஸ் ஹூ ஹேவ் நாட் பெய்ட் தி வாட்டர் பில் மஸ்ட் மீட் தி செக்ரெட்டரி." தண்ணீர்க் கட்டணம் பாக்கி வைத்திருக்கும் வாடகைதாரர்கள் மட்டும் செயலாளரைப் பார்த்தால் போதும். கட்டிவிட்டவர்களுக்கு இதில் வேலையே இல்லை.

இப்போது டெனன்ட்ஸ் என்பதற்குப் பின் ஒரு கமா, பில் என்பதற்குப் பின் ஒரு கமா போடுங்கள். வாடகைதாரர்கள் அத்தனை பேரும் செயலாளரைப் பார்த்தாக வேண்டும். போதாததற்கு, அவர்களில் ஒருவர்கூடப் பணம் கட்டவில்லை என்றும் ஆகிவிடுகிறது. முதல் தேதியே கட்டிய மனிதர் சண்டைக்கு வந்தால் தப்பு சொல்ல முடியாது.

கமா இல்லாதபோது 'ஹூ' தொடங்கும் பகுதி, கூட்டத்திலிருந்து சிலரைப் பிரித்துக் காட்டுகிறது. அதை எடுத்துவிட்டால் யாரைச் சொல்கிறோம் என்பதே போய்விடும். கமாக்களுக்கு நடுவே வந்தாலோ அது வெறும் உபரிச் செய்தி. எடுத்துவிட்டாலும் ஆள் மாறாது. எழுதும்போது அந்தப் பகுதியை விரலால் மறைத்துப் படித்துப் பாருங்கள். நாம் சொல்ல நினைத்த ஆட்களையே மிச்ச வாக்கியமும் குறித்தால் கமா வேண்டும், குறிக்காவிட்டால் கூடாது.

சொந்தபந்தத்தில் இது இன்னும் நுட்பம். "மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் மதுரை, இஸ் எ டாக்டர்" என்று எழுதினால், எனக்கு உடன்பிறந்தவன் ஒருவன்தான் என்று ஆங்கிலம் அறிந்தவர் எடுத்துக்கொள்வார். கமாக்களை நீக்கினால் மதுரைக்காரன் தவிர வேறு சகோதரர்களும் உண்டு என்று பொருள். உயிலிலோ ஒப்பந்தத்திலோ இந்த வித்தியாசம் வழக்கு வரை போகக்கூடியது.

நமக்கு இது எளிதில் பிடிபடாததற்குக் காரணம் உண்டு. 'மதுரையில் இருக்கும் என் தம்பி' என்று தமிழில் சொன்னால், தம்பி ஒருவனா, பலரில் ஒருவனா என்பதை அந்தத் தொடர் காட்டிக்கொடுக்காது. கேட்பவர் சூழலைவைத்துப் புரிந்துகொள்கிறார். ஆங்கிலத்தில் எழுதும்போது கமா அந்தத் தகவலைச் சொல்லிவிடுகிறது, நாம் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும்.

ஊர்ப்பெயர், ஆள்பெயர் வந்தால் பெரும்பாலும் குழப்பமில்லை: மதுரை ஒன்றுதான், ஆகவே கமா வரும். 'எனி', 'எவ்ரி' போன்ற சொற்களோடு வரும் பெயருக்குப் பின்னால் பொதுவாகக் கமா வராது; அங்கே பிரித்துக் காட்டுவதுதான் வேலையே.

பொருள்களைப் பற்றிப் பேசும்போது, பிரித்துக் காட்ட 'தட்', உபரிச் செய்திக்கு 'விச்' என்று வைத்துக்கொள்ளலாமே என 1926-இல் வெளியான தம் ஆங்கில வழக்கு அகராதியில் ஃபௌலர் யோசனை சொன்னார். அமெரிக்கப் பதிப்பாசிரியர்கள் பலர் அதைச் சட்டமாகவே ஆக்கிக்கொண்டார்கள். பிரிட்டனில் கமா இல்லாத 'விச்' இன்றும் சர்வசாதாரணம். என்னைக் கேட்டால் கமாவைச் சரியாக வைப்பவருக்கு அந்தச் சட்டம் அவசியமில்லை.

அடிக்கடி நடக்கும் பிழை வேறு: தொடக்கக் கமாவைப் போட்டுவிட்டு முடிவுக் கமாவை விட்டுவிடுவது. உபரிச் செய்தி எங்கே முடிகிறது என்று தெரியாமல் படிப்பவர் வாக்கியத்தின் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டியிருக்கும்.